எல்லைகள் யாருக்குச் சொந்தம்?

ஆறாம் படிவத்தில் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தொகையிடலில் u என்று பிரதியிட்ட பிறகு எல்லைகளையும் மாற்ற வேண்டுமா, அல்லது கடைசியில் x-க்குத் திரும்பி வந்து பழைய எல்லைகளைப் போட வேண்டுமா? பள்ளியில் ஒரு விதமாகச் செய்கிறார்கள், டியூஷனில் வேறு விதமாகச் செய்கிறார்கள். எது சரி?"

இரண்டும் சரிதான். ஒன்றில் பாதி, மற்றொன்றில் பாதி என்று கலக்கும்போதுதான் விடை கெடுகிறது. வகுப்பில் 'இன்டிகிரேஷன்' என்று நாம் சொல்லும் தொகையிடலில், ஐந்தாம் படிவத்துக் கூடுதல் கணிதம் முதல் எஸ்.டி.பி.எம். வரை, சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதம் வரை, இந்தக் கலப்படம் தொடர்ந்து வருகிறது. அது எப்படி நேர்கிறது, நேர்ந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த வாரம் நிதானமாகப் பார்க்கலாம். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஒரு கணக்கு, இரண்டு வழி

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

∫₀³ x√(x+1) dx

y = x√(x+1) என்ற வளைகோட்டுக்கும் x அச்சுக்கும் நடுவில், x = 0 முதல் x = 3 வரை உள்ள பரப்பளவு எவ்வளவு என்பதே கேள்வி. வர்க்கமூலத்துக்குள் x+1 என்ற கூட்டல் இருப்பதால், இதை அப்படியே பெருக்கிப் பிரிக்க முடியாது. உள்ளே இருப்பதற்கு ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டால் வேலை எளிதாகும்.

u = x + 1 என்று வைப்போம். அப்படியானால் x = u − 1. du = dx. ஆகவே x√(x+1) dx என்பது (u − 1)√u du ஆகிறது. இப்போது பெருக்கலாம்:

(u − 1)√u = u^(3/2) − u^(1/2)

இதைத் தொகையிட்டால் (2/5)u^(5/2) − (2/3)u^(3/2) கிடைக்கும். இதுவரை இரண்டு வழிகளுக்கும் வேலை ஒன்றே. பாதை பிரிவது இதற்குப் பிறகுதான்.

முதல் வழியில் எல்லைகளையும் u-வுக்கு மாற்றுகிறோம். x = 0 என்றால் u = 1. x = 3 என்றால் u = 4. எனவே கணக்கு இப்படி ஆகிறது:

∫₁⁴ (u^(3/2) − u^(1/2)) du = [(2/5)u^(5/2) − (2/3)u^(3/2)]₁⁴

u = 4 என்று போட்டால் 64/5 − 16/3, அதாவது 112/15. u = 1 என்று போட்டால் 2/5 − 2/3, அதாவது −4/15. கழித்தால் 112/15 + 4/15 = 116/15. தசமத்தில் ஏறக்குறைய 7.73. இந்த வழியில் x மறுபடி தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். u-வில் தொடங்கிய வேலை u-விலேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது வழியில் எல்லைகளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, எல்லை இல்லாத தொகையீட்டை மட்டும் முதலில் முடிக்கிறோம். கிடைத்த விடையில் u இருக்கும் இடத்தில் எல்லாம் x + 1 என்று திருப்பிப் போடுகிறோம்:

(2/5)(x+1)^(5/2) − (2/3)(x+1)^(3/2)

இப்போது இது x-இல் இருக்கிறது. ஆகவே பழைய எல்லைகளான 0, 3 இரண்டையும் போடலாம். x = 3 என்றால் x + 1 = 4; மறுபடி 112/15. x = 0 என்றால் x + 1 = 1; மறுபடி −4/15. விடை அதே 116/15.

இரண்டு வழியிலும் நாம் செய்த கூட்டல் கழித்தல் ஒன்றேதான். '3 என்பது u-வில் 4' என்பதை முதல் வழி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. இரண்டாவது வழி அதைக் கடைசியில் சொல்கிறது. யாராவது ஒரு வழியை மட்டும் 'சரியான முறை' என்று சொன்னால், அது அவர்களின் பழக்கம். கணிதம் இரண்டையும் ஏற்கிறது.

எண்ணுக்கு உரிமையாளர் யார்?

தொகையீட்டுக் குறியான ∫ என்பதை லைப்னிட்ஸ் 1675-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அப்போது அதன் மேலும் கீழும் எண்கள் இல்லை. எல்லைகளைக் குறியின் தலையிலும் காலிலும் எழுதும் இன்றைய பழக்கம் ஃபூரியேவிடமிருந்து வந்தது. வெப்பம் பரவுவது பற்றி அவர் 1822-இல் வெளியிட்ட நூலின் வழியாக அது எங்கும் பரவியது. எழுதச் சுலபமான குறி அது. ஆனால் அதில் ஒரு சின்னச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ∫₀³ என்று எழுதும்போது அந்த 0, 3 எந்த மாறியின் மதிப்பு என்பது குறியில் எங்கும் இல்லை. அதைச் சொல்வது வரியின் கடைசியில் நிற்கும் dx மட்டுமே.

ஜொகூர் பாருவில் ஒரு பொருளின் விலைச்சீட்டில் 50 என்று எழுதியிருந்தால் அது 50 ரிங்கிட். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் 50 சிங்கப்பூர் வெள்ளியை எடுத்துக் கொடுத்தால் எண் ஒன்றுதான், தொகை வேறு. dx-ஐ du என்று மாற்றுவதும் நாணயத்தை மாற்றுவது போலத்தான். கடைசியில் உள்ள எழுத்து மாறிய அதே வரியில் மேலும் கீழும் உள்ள எண்களும் மாறவேண்டும்.

இதை மறந்தால் இரண்டு விதமான பிழைகள் வருகின்றன. மேலே செய்த கணக்கிலேயே அவை இரண்டையும் செய்து பார்ப்போம்.

முதல் பிழை: du வந்துவிட்டது, ஆனால் எல்லைகள் 0, 3 என்றே நிற்கின்றன. அதாவது ∫₀³ (u^(3/2) − u^(1/2)) du என்று எழுதி, u = 3, u = 0 என்று போட்டுவிடுகிறார்கள். விடை ஏறக்குறைய 2.77 என்று வரும். சரியான விடையில் பாதிகூட இல்லை.

இரண்டாவது பிழை கவனமான மாணவர்களுக்கு வருவது. எல்லைகளை 1, 4 என்று ஒழுங்காக மாற்றிவிடுகிறார்கள். தொகையிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் u-வை மறுபடி x + 1 ஆக்கிவிடுகிறார்கள். அடைப்பின் ஓரத்தில் நிற்கும் 1, 4 இரண்டையும் x-இல் போடுகிறார்கள். ஒரு தடவை மாற்ற வேண்டியதை இரண்டு தடவை மாற்றியாயிற்று. விடை ஏறக்குறைய 14.53 வரும்.

இந்த இரண்டு விடைகளும் தாளில் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். வரிக்கு வரி தொகையிடலில் குறை இல்லை, கணிப்பானும் சரியாகத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, தவறு என்று எப்படித் தெரியும்?

ஒரு முக்கோணம் போதும்

படம் கொஞ்சம் வரைந்து பாருங்கள். x = 0-இல் y = 0. x = 3-இல் y = 3 × √4 = 6. இந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் அடி 3, உயரம் 6 கொண்ட முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பளவு 9.

வளைகோடு அந்த நேர்கோட்டுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா? நடுவில் x = 1.5 என்று போட்டுப் பாருங்கள். நேர்கோட்டின் உயரம் 3. வளைகோட்டின் உயரம் 1.5 × √2.5, அதாவது ஏறக்குறைய 2.37. இந்த வளைகோடு போகப் போக செங்குத்தாகிக்கொண்டே போவதால், இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கும் நேர்கோட்டுக்குக் கீழேதான் தொங்கும். ஆகவே விடை 9-ஐவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். 14.53 அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இப்போது கடைசித் துண்டை மட்டும் பாருங்கள். x = 2 முதல் x = 3 வரை வளைகோடு ஏறிக்கொண்டே போகிறது. x = 2-இல் உயரம் 2√3, அதாவது 3.46. அந்த ஒரு துண்டின் பரப்பளவே 3.46-க்கு மேல் இருக்கவேண்டும். அப்படியிருக்க மொத்தப் பரப்பளவு 2.77 எப்படி ஆகும்? அதுவும் அடிபட்டது. மிஞ்சுவது 7.73.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சோதனையை எப்போதும் மூலக் கணக்கில், x-இல், பழைய எல்லைகளோடு செய்யவேண்டும். u-வுக்கு மாற்றிய கணக்கில் செய்தால் மாற்றத்தில் நடந்த தவறு சோதனைக்குள்ளும் புகுந்துவிடும்.

சிறிய எண் கீழேதான் இருக்கவேண்டுமா?

அடுத்த கணக்கு:

∫₀¹ x√(1−x²) dx

u = 1 − x² என்று வைக்கிறோம். du = −2x dx. எனவே x dx = −½ du. எல்லைகளை மாற்றுவோம். கீழ் எல்லை x = 0, ஆகவே u = 1. மேல் எல்லை x = 1, ஆகவே u = 0. கணக்கு இப்படி வருகிறது:

−½ ∫₁⁰ √u du

இதைப் பார்த்ததும் பல மாணவர்களுக்கு மனம் ஒப்பாது. கீழே 1, மேலே 0. தலைகீழாக இருக்கிறதே என்று தாங்களாகவே ∫₀¹ என்று 'திருத்தி' எழுதிவிடுகிறார்கள். முன்னால் உள்ள கழித்தல் குறி அப்படியே நிற்கிறது. விடை −1/3 என்று வந்துவிடுகிறது.

கீழ் எல்லை என்றால் சிறிய எண் என்று பொருள் இல்லை. பயணம் தொடங்கும் இடம் என்று பொருள். x என்பது 0-வில் புறப்பட்டு 1-ஐ நோக்கி நடக்கும்போது, u என்பது 1-இல் புறப்பட்டு 0-வை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கத்தைத்தான் du-வில் வந்த கழித்தல் குறியும் சொல்கிறது. எல்லைகளைத் தலைகீழாக விட்டுவைத்தால் கணக்கு தானாகவே சரியாகும்:

−½ [(2/3)u^(3/2)]₁⁰ = −½ (0 − 2/3) = 1/3

எல்லைகளை இடம் மாற்ற ஆசைப்பட்டால் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு குறி மாற்றம் விலையாகக் கொடுக்கவேண்டும். −½ ∫₁⁰ என்பது +½ ∫₀¹ ஆகும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடக்கூடாது.

இங்கே சோதனை இன்னும் எளிது. 0-வுக்கும் 1-க்கும் நடுவில் x நேர்மறை, வர்க்கமூலமும் நேர்மறை. வளைகோடு முழுக்க அச்சுக்கு மேலேதான் இருக்கிறது. தொகையீடு எதிர்மறையாக வர வழியே இல்லை. −1/3 என்று வந்தால் எல்லை வரிசையை முதலில் பாருங்கள்.

x-க்குத் திரும்பும் வழியில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. −(1/3)(1−x²)^(3/2) என்று கிடைத்ததும் x = 1, x = 0 என்று வழக்கமான வரிசையில் போட்டால் 0 − (−1/3) = 1/3 வந்துவிடும். குறியில் அடிக்கடி தடுமாறுகிறவர்களுக்கு இரண்டாவது வழி கொஞ்சம் பாதுகாப்பு என்பது இதனால்தான்.

மடிந்து போகும் பிரதியிடல்

இதுவரை பார்த்தவை கவனக்குறைவால் வருபவை. இப்போது வருவது கவனமாகச் செய்தாலும் காலை வாரிவிடக்கூடியது. சோதித்துப் பார்க்க வசதியாக, விடை நமக்கு முன்பே தெரிந்த கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

∫₋₁² x² dx

நேரடியாகச் செய்தால் [x³/3], அதாவது 8/3 + 1/3 = 3. இதையே u = x² என்று பிரதியிட்டுச் செய்து பார்ப்போம். x = √u. dx = du/(2√u). x = −1 என்றால் u = 1. x = 2 என்றால் u = 4. எல்லைகளை முறைப்படி மாற்றிவிட்டோம்:

∫₁⁴ u · du/(2√u) = ½ ∫₁⁴ √u du = (1/3)(8 − 1) = 7/3

மூன்று வரவேண்டிய இடத்தில் 7/3 வந்திருக்கிறது. எல்லையை மாற்ற மறக்கவில்லை, வரிசையும் கலையவில்லை. பின் எங்கே தப்பு?

x = √u என்று எழுதிய இடத்தில்தான். x என்பது −1 முதல் 0 வரை நடக்கும்போது அது எதிர்மறை; அங்கே x = −√u என்று இருக்கவேண்டும். x-இன் பயணத்தை u-வின் கண்ணால் பாருங்கள்: 1-இல் தொடங்கி 0 வரை இறங்கி, பிறகு திரும்பி 4 வரை ஏறுகிறது. ஒரு தாளை மடித்தது போல, பாதை தன் மேலேயே மடிந்துகிடக்கிறது. நாம் '1 முதல் 4 வரை' என்று மட்டும் எழுதி, இறங்கி ஏறிய பகுதியைத் தொலைத்துவிட்டோம்.

மடிப்பு விழும் இடத்தில் கணக்கை இரண்டாக வெட்டினால் சரியாகிவிடும். x = −1 முதல் 0 வரை x = −√u, dx = −du/(2√u), எல்லைகள் 1 முதல் 0. அந்தப் பகுதி 1/3 தரும். x = 0 முதல் 2 வரை x = √u, எல்லைகள் 0 முதல் 4. அது 8/3 தரும். கூட்டினால் 3. தவறான வழியில் இந்த 1/3 கூட்டப்படாமல் கழிக்கப்பட்டது. அதனால்தான் 7/3 வந்தது.

அப்படியானால் எல்லை 0-வைத் தாண்டிப் போகும் கணக்குகளில் u = x² என்று வைக்கவே கூடாதா? அப்படியும் இல்லை. ∫₋₁² x³ dx என்பதைப் பாருங்கள். இதை x² · x dx என்று பிரித்தால், x dx = ½ du என்று அப்படியே உள்ளே போய்விடுகிறது. ½ ∫₁⁴ u du = ½ × 15/2 = 15/4. நேரடியாகச் செய்தாலும் (16 − 1)/4 = 15/4. தாளை மடித்தும் விடை கெடவில்லை.

வேறுபாடு இதுதான். இரண்டாவது கணக்கில் u-விலிருந்து x-ஐப் பிரித்தெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. du-வுக்கு வேண்டிய x dx கணக்கிலேயே தயாராக இருந்தது. அப்படி இருந்தால் இறங்கிய பகுதியும் ஏறிய பகுதியும் தாமாகவே ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். எல்லைகளை மட்டும் மாற்றினால் போதும். x = √u என்று நீங்களாக ஒரு வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருந்தால் மட்டும், அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லைகளுக்கு நடுவில் x குறி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த இடத்தில் வெட்டுங்கள்.

எப்போது எந்த வழி?

வினாவில் கேட்பது ஒரே ஓர் எண், x-க்குத் திரும்புவதோ தலைவலி என்றால், எல்லைகளை மாற்றுவதே மேல். கோணத்தைப் பிரதியிடும் கணக்குகள் இதற்குச் சரியான உதாரணம்:

∫₀² √(16−x²) dx

x = 4 sin θ என்று வைக்கிறோம். dx = 4 cos θ dθ. வர்க்கமூலம் 4 cos θ ஆகிறது. x = 0 என்றால் θ = 0. x = 2 என்றால் sin θ = ½, ஆகவே θ = π/6. இப்போது 16 cos² θ என்பதை 0 முதல் π/6 வரை தொகையிடவேண்டும். cos² θ = ½(1 + cos 2θ) என்று மாற்றினால் 8[θ + ½ sin 2θ] கிடைக்கும். π/6 என்று போட்டால்:

8(π/6 + √3/4) = 4π/3 + 2√3 ≈ 7.65

x-க்குத் திரும்ப நினைத்திருந்தால், sin 2θ-வை 2 sin θ cos θ என்று பிரித்து, cos θ-வை √(16−x²)/4 என்று எழுதி, θ-வை sin⁻¹(x/4) என்று எழுதியிருக்கவேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்த மூன்று வரிகளில் ஒவ்வொன்றும் ஒரு தவறுக்கு வாசல்.

எல்லையை மாற்றும்போது இங்கே இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, எல்லை π/6 என்று ரேடியனில் இருக்கவேண்டும். கணிப்பானைப் பாகையில் வைத்து 30 என்று எடுத்துக்கொண்டால் விடை 243-ஐத் தாண்டிவிடும். வளைகோட்டின் உயரம் எங்கும் 4-ஐத் தாண்டாது, அகலமோ 2. விடை 8-ஐ மீற முடியாது என்று பார்த்தாலே பிடிபட்டுவிடும். இரண்டாவது, sin θ = ½ என்பதற்கு 5π/6 என்பதும் ஒரு தீர்வுதான். ஆனால் அதுவரை போனால் பாதை மடிந்துவிடுகிறது. π/2-ஐத் தாண்டியதும் cos θ எதிர்மறையாகி, வர்க்கமூலத்தை 4 cos θ என்று எழுதியது பொய்யாகிவிடுகிறது. θ-வை −π/2 முதல் π/2 வரைக்குள் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது.

இந்த விடையைத் தொகையிடலே இல்லாமல் சரிபார்க்கவும் முடியும். y = √(16−x²) என்பது ஆரம் 4 கொண்ட வட்டத்தின் மேல் பாதி. x = 0 முதல் 2 வரை உள்ள பரப்பளவை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, மையத்திலிருந்து 30 பாகையில் வெட்டிய கேக் துண்டு; அதன் பரப்பளவு ½ × 16 × π/6 = 4π/3. மற்றொன்று, அடி 2, உயரம் 2√3 கொண்ட செங்கோண முக்கோணம். அதன் பரப்பளவு 2√3. கூட்டினால் அதே விடை.

x-க்குத் திரும்புவது எப்போது நல்லது? தொகையிட்ட கோவையே மறுபடி தேவைப்படும்போது. வினாவின் முதல் பகுதியில் எல்லை இல்லாத தொகையீட்டைக் கேட்டுவிட்டு, அடுத்த பகுதியில் அதைக் கொண்டு பரப்பளவைக் கேட்டால், x-இல் உள்ள கோவை ஏற்கனவே கையில் இருக்கிறது. ஒரே வளைகோட்டுக்கு இரண்டு மூன்று இடைவெளிகளில் பரப்பளவு கேட்டாலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் எல்லைகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஒரு தடவை திரும்பிவிட்டால் வேலை மிச்சம்.

திரும்பும் வழியில் எழுதும்போது ஓர் ஒழுங்கு தேவை. நடுவில் u-வில் இருக்கும் வரிகளில் ∫₀³ … du என்று பழைய எல்லைகளை ஒட்டிக்கொண்டு வராதீர்கள். கடைசி விடை சரியாக வந்தாலும் அந்த நடு வரி பொய். எல்லை இல்லாமல் தனியாகத் தொகையிட்டு முடித்து, x வந்த பிறகு எல்லைகளைச் சேருங்கள். எல்லைகளை மாற்றும் வழியில் போகிறவர்கள், ஓரத்தில் சின்னதாக இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: x = 0, u = 1; x = 3, u = 4. குறியில் வெறும் எண்ணுக்குப் பதிலாக u = 1, u = 4 என்றே எழுதினாலும் தவறில்லை. உரிமையாளரின் பெயர் எண்ணோடு ஒட்டியிருந்தால், அதை x-இல் போட கை போகாது.

உங்களுக்கு ஒரு கணக்கு

∫₀⁴ x/√(2x+1) dx

u = 2x + 1 என்று வைத்து, இரண்டு வழிகளிலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். dx = ½ du என்பதையும், x = (u − 1)/2 என்பதையும் சேர்த்தால் முன்னால் ¼ வரவேண்டும். சரியான விடை 10/3.

1/3 என்று வந்தால், du வந்த பிறகும் எல்லைகள் 0, 4 என்றே நின்றிருக்கின்றன. 11.6 என்று வந்தால், எல்லைகளை 1, 9 என்று மாற்றிய பிறகு அவற்றை x-இல் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் படமே காட்டிக்கொடுக்கும். x = 4-இல் உயரம் 4/3; முழுச் செவ்வகத்தின் பரப்பளவு 16/3, அதாவது 5.33. விடை அதைத் தாண்ட முடியாது. முனைகளை இணைக்கும் முக்கோணத்தின் பரப்பளவு 8/3; இந்த முறை வளைகோடு அந்தக் கோட்டுக்கு மேலே வளைந்து போகிறது என்பதை x = 2-இல் உயரத்தைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஆகவே விடை 2.67-க்கும் 5.33-க்கும் நடுவில்தான் இருக்கவேண்டும்.